இன்டர்வியூவில் கேட்க விட்டுப்போன கேள்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடமாகிறது. அது தெரிந்ததாலேயே, நண்பர்கள், நண்பர்களின் தம்பி தங்கைகள் என்று யாராவது இன்டர்வியூ முடித்த கையோடு போன் செய்து கிட்டத்தட்ட இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

இன்டர்வியூ முடிஞ்சு வெளியே வந்ததும் முக்கியமான ஒரு கேள்வி ஞாபகம் வருது. இப்போ கேட்டா தயாராகாம வந்தவன்னு நினைச்சுட மாட்டாங்களா?

கேள்வி தாமதமாக வந்ததற்காக யாரும் அப்படி நினைப்பதில்லை. கேள்வி எப்படிப்பட்டது என்பதை வைத்துத்தான் நினைப்பார்கள். நாற்பது நிமிடம் பேசிவிட்டு, சாயங்காலம் அதில் ஒரு விஷயத்தைத் திரும்ப யோசித்து ஒருவர் கேள்வி அனுப்பினால், "பரவாயில்லையே, காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்" என்றுதான் தோன்றும். அதே சாயங்காலம் "உங்கள் கம்பெனி என்ன தயாரிக்கிறது?" என்று வந்தால் வேறு மாதிரி தோன்றும்.

ஆக, கேட்கலாமா வேண்டாமா என்பதை விட எதைக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம். அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

சரி, எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதை விட்டுடணும்?

ஒரே ஒரு சோதனை போதும். இந்தக் கேள்வியை இன்டர்வியூவுக்கு முந்தின நாளே உங்களால் எழுதியிருக்க முடியுமா?

முடியாது, அங்கே இன்டர்வியூ எடுத்தவர் சொன்ன ஏதோ ஒன்றைக் கேட்ட பிறகுதான் இது தோன்றியது என்றால் தாராளமாக அனுப்புங்கள். அந்தக் கேள்வி பேச்சிலிருந்தே பிறந்தது என்பதால் முன்கூட்டித் தயாராக வைத்திருக்கவே வழியில்லை, அதைத் தாமதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முடியும், முந்தின நாளே எழுதியிருக்கலாம் என்றால் இன்னொரு படி போய், பதில் வேறு எங்காவது கிடைக்குமா என்று பாருங்கள். வேலை அறிவிப்பிலோ நிறுவனத்தின் தளத்திலோ இருந்தால் அங்கே படித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இல்லை, ஆனால் நடைமுறை சம்பந்தப்பட்டது (வேலை நேரம், எப்போது சேர வேண்டும், அடுத்த சுற்று எப்போது) என்றால் அது எச்.ஆருக்குப் போக வேண்டிய கேள்வி. எச்.ஆரிடம் இவற்றை எப்போது கேட்டாலும் அவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள், நாள் முழுக்க அவர்களுக்கு அதுதான் வேலை.

நடுவில் மாட்டிக்கொள்ளும் சில கேள்விகளும் உண்டு. "டீமில் எத்தனை பேர்?" என்பது முந்தின நாளே எழுதியிருக்கக்கூடியதுதான். ஆனால் அவர் "போன வருடம் இரண்டு டீமை ஒன்றாக்கினோம்" என்று சொல்லியிருந்தால், "இரண்டு டீமும் சேர்ந்த பிறகு இந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் யாருடன் வேலை செய்வார்?" என்று கேட்கலாம். உங்களுக்குத் தெரிய வேண்டியது கிடைத்துவிடும், கேள்வியும் பேச்சின் தொடர்ச்சியாக நிற்கும்.

யாருக்கு அனுப்பணும்? எச்.ஆருக்கா, இன்டர்வியூ எடுத்தவருக்கா?

வேலையைப் பற்றிய கேள்வி என்றால் வேலையைப் பற்றிப் பேசியவருக்கு. நடைமுறைக் கேள்வி என்றால் எச்.ஆருக்கு. தவறான ஆளுக்கு அனுப்பினால் நடப்பது இதுதான்: எச்.ஆர் அதை அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்வார், இடையில் ஒரு வரி சேர்ப்பார், உங்கள் கேள்வி அந்த ஒரு வரியின் தொனியில்தான் போய்ச் சேரும்.

மேனேஜரின் முகவரி உங்களிடம் இல்லையென்றால் தோண்டித் துருவிக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டாம். எச்.ஆருக்கே எழுதி, "இதை அவரிடம் சேர்க்க முடியுமா?" என்று கேளுங்கள். அப்போது கேள்வியைத் தனிப் பத்தியாக, அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய மாதிரி எழுதுங்கள். எச்.ஆர் சுருக்க வேண்டிய அவசியமே வராது.

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. இப்பவே அனுப்பவா, ஒரு ரெண்டு நாள் விடவா?

இப்போதே எழுதுங்கள், காலையில் அனுப்புங்கள். எழுதி வைத்தது காலையில் வேறு மாதிரி தெரியும், பெரும்பாலும் பாதியாகக் குறையும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போய்விட்டால் நல்லது, ஏனென்றால் பலரும் இன்டர்வியூ முடிந்த அன்றோ மறுநாளோ தங்கள் கருத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் மெயில் வந்தால் அவர் மனதில் உங்கள் முகம் இன்னும் மறையாமல் இருக்கும்.

இரண்டு நாள் விட்டால் கெட்டுப்போகாது, ஆனால் அவர் எந்தப் பேச்சு, எந்த ஆள் என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் தாண்டிவிட்டால் கேள்வியை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். அதற்குள் எப்படியும் "என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்கும் நேரம் வந்திருக்கும், அதோடு சேர்த்துவிடுங்கள்.

மெயில்ல எப்படித்தான் எழுதறது? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

ஒரு உதாரணத்தை முழுதாகவே பார்ப்போம். ஒரு பெண், கணக்குப் பிரிவில் சீனியர் அக்கவுண்டன்ட் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் பேச்சுவாக்கில், "மாதக் கணக்கை முடிக்கப் பத்து நாள் ஆகிறது, அதை ஐந்து நாளுக்குக் கொண்டுவரப் பார்க்கிறோம்" என்கிறார். இவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பஸ் ஏறிய பிறகுதான் உறைக்கிறது: பத்து நாள் வேலையை ஐந்து நாளில் யார் செய்யப்போகிறார்கள்? நான்தானா?

அவர் முதலில் எழுதியது இப்படி இருக்கிறது:

> மன்னிக்கவும் மேடம், இன்டர்வியூவில் ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டேன். மாதக் கடைசியில் இரவு வெகுநேரம் இருக்க வேண்டியிருக்குமா?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதற்கு மேனேஜரால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. "சில நாள் இருக்கலாம்" என்பார், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். இவருக்கும் ஒன்றும் தெரியவராது, அவர் மனதிலும் "இரவு இருக்கத் தயங்குகிறார்" என்று மட்டும் பதியும்.

கணக்கு வேலை தெரிந்தவருக்கு மாத முடிப்பு எங்கே இழுக்கும் என்று தெரியும். கிளை அனுப்பிய தொகையும் தலைமை அலுவலகப் புத்தகத்தில் இருக்கும் தொகையும் பொருந்தாமல் நிற்கும், எது சரி என்று இரண்டு பக்கமும் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வேலை யார் தலையில் என்று தெரிந்துவிட்டால் இரவு எத்தனை மணி ஆகும் என்பதை இவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் இரண்டாவது முறை இப்படி எழுதுகிறார்:

> வணக்கம் மேடம்,
>
> இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. மாத முடிப்பைப் பத்து நாளிலிருந்து ஐந்து நாளுக்குக் கொண்டுவரப் பார்ப்பதாகச் சொன்னீர்கள், அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் இருக்கும் இடத்தில் அதிக நேரம் எடுப்பது கிளைக் கணக்குகளைச் சரிபார்ப்பதுதான்.
>
> உங்களிடம் அந்தச் சரிபார்ப்பைக் கிளைகளே முடித்து அனுப்புகிறார்களா, இல்லை இந்த டீமிடம் வருகிறதா?
>
> அடுத்த முறை பேசும்போது சொன்னாலும் போதும். மீண்டும் நன்றி.

இதில் கவனிக்க வேண்டியவை சில. நன்றி ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அடுத்து மேனேஜர் சொன்ன விஷயத்தையே மேனேஜர் சொன்ன எண்களோடு எடுத்துச் சொல்கிறார், அதனால் மேனேஜருக்கு யார் எழுதுகிறார் என்று யோசிக்க வேண்டியதில்லை. பிறகு தன் அனுபவத்திலிருந்து ஒரே வாக்கியம், அது பெருமையாக இல்லாமல் கேள்விக்கான காரணமாக இருக்கிறது. கேள்வி தனிப் பத்தியில், "இதுவா அதுவா" என்று பதில் சொல்லக்கூடிய விதத்தில் நிற்கிறது, போனில் ஒரு கட்டை விரலால் "டீமிடம்தான் வருகிறது" என்று தட்டிவிடலாம். கடைசி வரி, உடனே பதில் எழுத நேரமில்லாதவருக்கு விடும் இடம். அந்த வரியை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் போனால் மெயில் ஒரு வேலையைத் தலையில் கட்டுவது போலாகிவிடும்.

இன்டர்வியூவுக்கு அழைத்து வந்த மெயில் அவரிடமிருந்தே வந்திருந்தால் அதற்கே ரிப்ளை செய்யுங்கள். புதிதாக எழுதினால் தலைப்பில் உங்கள் பெயரும் எந்த வேலை என்பதும் இருக்கட்டும். இன்டர்வியூ எந்த மொழியில் நடந்ததோ அதே மொழியில் எழுதுங்கள்.

"கேட்க மறந்துட்டேன்"னு உண்மையைச் சொன்னா என்ன தப்பு?

தப்பில்லை, தேவையில்லை, அவ்வளவுதான். மேலே உள்ள இரண்டாவது மெயிலில் பொய் ஒன்றும் இல்லை, யோசித்தார் என்கிறார், உண்மையிலேயே யோசித்தார். "மன்னிக்கவும்", "தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்", "சின்னக் கேள்விதான்" என்பதெல்லாம் எழுதுபவரின் படபடப்பை வாசிப்பவருக்குக் கடத்துகின்றன. அதுவரை ஒன்றும் நினைக்காதவரையும் "ஏன், இதில் தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று நினைக்க வைக்கும்.

நேர் எதிர்ப் பக்கம் போய், "வேண்டுமென்றேதான் இதை மெயிலுக்கு வைத்திருந்தேன்" என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம். அது எப்படியோ தெரிந்துவிடும்.

எனக்கு மூணு கேள்வி இருக்கு. மூணையும் ஒரே மெயில்ல போட்டுடவா?

வேண்டாம். ஒன்று என்றால் யோசித்தவர். மூன்று என்றால் அந்த நாற்பது நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி வரும். போதாததற்கு, மூன்று கேள்வி உள்ள மெயிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்து நேரம் ஒதுக்க வேண்டும், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைத்தால் அது அப்படியே புதைந்துபோகும்.

எதை எடுப்பது என்றால், எந்தப் பதில் உங்கள் முடிவை மாற்றுமோ அதை. மற்ற இரண்டையும் அடுத்த சுற்றுக்கோ ஆஃபர் வந்த பிறகு பேசும் பேச்சுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் ஒன்று எச்.ஆருக்கானதாகவும் ஒன்று மேனேஜருக்கானதாகவும் இருக்கும், அப்படியென்றால் இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று அனுப்புவதில் தவறில்லை. ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

சம்பளம் பத்திக் கேட்கவே இல்ல. அதைத்தான் கேட்கணும்.

மேனேஜருக்குப் போகும் நன்றி மெயிலில் சம்பளம் வேண்டாம். லீவு, வீட்டிலிருந்து வேலை, போனஸ் எல்லாம் அப்படியே. இவற்றைக் கேட்பது அசிங்கம் என்று சொல்லவில்லை, வேலைக்குப் போவதே அதற்காகத்தான். ஆனால் மேனேஜரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது, இருந்தாலும் எழுத்தில் தர அவருக்கு அதிகாரம் இருக்காது.

எச்.ஆரிடம் கேட்கலாம், அதுவும் போனில் கேட்பது நல்லது. "அடுத்த சுற்றுக்கு முன்னால் இரண்டு பக்கமும் எதிர்பார்ப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், இந்தப் பொறுப்புக்கு எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும். இரண்டு பேர் நேரமும் மிச்சமாகும் என்பதால் பல எச்.ஆர்கள் இதை வரவேற்பார்கள். ஒரே சுற்றுதான், ஆஃபர் அடுத்து வரப்போகிறது என்றால் பொறுத்திருங்கள். ஆஃபர் கையில் இருக்கும்போது கேட்பதற்கு இருக்கும் பலம் இப்போது இல்லை.

நன்றி மெயில் ஏற்கனவே அனுப்பிட்டேன். அதுக்கப்புறம்தான் கேள்வி தோணுச்சு. இன்னொண்ணு அனுப்பினா ஓவரா இருக்குமா?

முதல் மெயிலுக்கு அவர் பதில் போட்டிருந்தால் அதுவே வாய்ப்பு. அந்தப் பதிலுக்குப் பதிலாக இரண்டு வரியில் கேட்டுவிடுங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பதில் போடவில்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். இன்னொரு சுற்று உண்டு என்று தெரிந்தால் வைத்திருங்கள். இல்லையென்றால் ஒரு நாள் கழித்து அதே மெயில் தொடரில் அனுப்பலாம். நன்றியைத் திரும்பச் சொல்ல வேண்டாம், நேராக "நேற்று நீங்கள் சொன்ன ... பற்றி ஒன்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று ஆரம்பியுங்கள். மூன்றாவது மெயில் மட்டும் வேண்டாம்.

அடுத்த ரவுண்டு இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்போ அங்கேயே கேட்டுக்கலாமே, இப்ப எதுக்கு மெயில்?

நிறைய நேரம் அதுதான் சரி. முதல் சுற்றில் அவர்கள் சொன்ன ஒன்றை அடுத்த சுற்றில், "போன முறை பேசியபோது மாத முடிப்பைப் பற்றிச் சொன்னார்கள், அதில் ஒன்று கேட்க வேண்டும்" என்று எடுத்தால், நேரில் கேட்பதால் மேலும் இரண்டு கேள்வி தொடர்ந்து கேட்கலாம். மெயிலில் அது முடியாது.

மெயில் எப்போது நல்லது என்றால், பதில் தெரிந்தால் அடுத்த சுற்றுக்கு வேறு மாதிரித் தயாராவீர்கள் என்னும்போது. மேலே சொன்ன பெண்ணுக்குச் சரிபார்ப்பு டீமிடம்தான் வருகிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த சுற்றில் தன் இடத்தில் அதை எப்படிக் குறைத்தார் என்று சொல்லத் தயாராகப் போகலாம். அடுத்த சுற்றில் வருபவர் வேறு பிரிவைச் சேர்ந்தவர், இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது என்றாலும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

மூணு பேர் சேர்ந்து எடுத்தாங்க. மூணு பேருக்கும் அனுப்பவா?

கேள்வி யார் சொன்னதிலிருந்து வந்ததோ அவருக்கு மட்டும். மற்ற இரண்டு பேருக்கும் வேண்டுமானால் கேள்வி இல்லாத நன்றி. ஒரே கேள்வியை மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்பினால், ஆளை மாற்றிப் பதிலை ஒப்பிடுகிறீர்கள் என்று தோன்றும், மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கக்கூடும். யார் சொன்னார் என்று நினைவில்லையென்றால் மூத்தவருக்கு அனுப்பாமல், உங்களுக்கு மேலதிகாரியாக வரப்போகிறவருக்கு அனுப்புங்கள்.

"உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேட்டப்போ "ஒண்ணுமில்ல, எல்லாம் தெளிவா இருக்கு"ன்னு சொல்லிட்டேன். இப்போ எப்படிக் கேட்கறது?

இதற்குத்தான் நிறையப் பேர் தவிக்கிறார்கள். அந்த நேரத்தில் களைத்துப் போயிருப்பீர்கள், எழுந்து போனால் போதும் என்றிருக்கும், அது எதிரே இருப்பவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பெரிதாக எழுதி வைப்பதில்லை, ஆனால் ஒரு கேள்வி கூட வராதபோது "ஆர்வம் குறைவோ" என்று ஒரு சின்ன நெருடல் இருக்கும். அதனால் மற்றவர்களை விட உங்களுக்குத்தான் இந்த மெயில் அதிகம் உதவும்.

முன்னால் சொன்ன "இல்லை"யைத் தொடவே வேண்டாம். "அப்போது இல்லை என்று சொன்னேன், ஆனால்..." என்று ஆரம்பித்தால் அவர் மறந்ததை நீங்களே ஞாபகப்படுத்துகிறீர்கள். மேலே உள்ள மாதிரி மெயிலையே எழுதுங்கள். ஒரே வித்தியாசம், உங்கள் விஷயத்தில் முந்தின நாள் சோதனையைக் கறாராகப் போடுங்கள். பேச்சிலிருந்து பிறந்த கேள்வியாக இருந்தால் "இல்லை" என்று சொன்னதோடு அது மோதாது, ஏனென்றால் அப்போது நிஜமாகவே அது இல்லை.

அவர் ஏற்கனவே இதுக்குப் பதில் சொல்லி, நான் கவனிக்காம விட்டிருந்தேன்னா?

இதுதான் உண்மையிலேயே ஆபத்தான இடம். தயாராகாமல் வந்ததை விட, சொன்னதைக் கேட்காமல் இருந்தது மோசமாகத் தெரியும். எனவே அனுப்பும் முன் இன்டர்வியூவில் பேசியதை ஞாபகம் இருக்கும் வரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், வேலை அறிவிப்பையும் இன்னொரு முறை படியுங்கள். எழுதும்போது பாதி விஷயம் திரும்ப வரும்.

அப்படியும் சந்தேகமாக இருந்தால் கேள்வியை ஒரு படி உள்ளே தள்ளுங்கள். டீமில் ஆறு பேர் என்று சொன்னாரா எட்டு என்று சொன்னாரா ஞாபகமில்லை என்று வைத்துக்கொள்வோம். "டீமில் எத்தனை பேர்?" என்று கேட்காமல், "புதிதாகச் சேர்பவர் முதல் சில வாரம் டீமில் யாருடன் அதிகம் உட்கார வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். அவர் எண்ணிக்கையைச் சொல்லியிருந்தாலும் இது அதன் மேல் எழுந்த கேள்வியாக நிற்கும், பதிலில் எண்ணிக்கையும் பெரும்பாலும் வந்து விழும்.

மெயில் ஐடி இல்ல, ஆனா இன்டர்வியூ எடுத்தவர் வாட்ஸ்அப் நம்பர் இருக்கு. அதுல கேட்கலாமா?

அவரே வாட்ஸ்அப்பில் உங்களோடு பேசி நேரம் குறித்திருந்தால் கேட்கலாம், மாதிரி மெயிலைப் பாதியாகச் சுருக்கி ஒரே மெசேஜாக அனுப்புங்கள். வணக்கம் ஒன்று, நன்றி ஒன்று, கேள்வி ஒன்று என்று துண்டு துண்டாக அனுப்ப வேண்டாம். நம்பர் வேறு வழியில் கிடைத்திருந்தால் எச்.ஆர் வழியே போங்கள். லிங்க்ட்இனில் நட்பு அழைப்போடு கேள்வி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. பலர் அதை வாரக்கணக்கில் திறந்தே பார்ப்பதில்லை.

ஏஜென்சி மூலம் போயிருந்தால் ஏஜென்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும், அவரைத் தாண்டிப் போனால் அவருக்கும் கோபம், நிறுவனத்துக்கும் சங்கடம்.

மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்கிற இடம். போர்டு மாதிரி உட்கார்ந்து எல்லாருக்கும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. அங்கேயும் இப்படி அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். எல்லோரையும் ஒரே அளவுகோலில் வைத்து மதிப்பெண் போடும் தேர்வுகளில், முடிவு வரும்வரை குழுவில் இருப்பவர்களை விண்ணப்பதாரர் தனியாகத் தொடர்புகொள்வது அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடும், சில இடங்களில் விதியே தடுக்கும். அறிவிப்பில் தொடர்புக்கு என்று ஒரு முகவரி கொடுத்திருப்பார்கள், நடைமுறைக் கேள்வியாக இருந்தால் அங்கே மட்டும் கேளுங்கள். உங்கள் மெயிலால் மதிப்பெண் கூடாது, குறையவும் குறையாது, ஆகவே அவசரமும் இல்லை.

அனுப்பி நாலு நாளாச்சு, பதிலே இல்ல. கேள்வி பிடிக்கலைன்னு அர்த்தமா?

அதற்கு அப்படி அர்த்தம் இல்லை. முடிவு எடுக்கும் வரை விண்ணப்பித்தவர்களுக்கு எதையும் எழுத்தில் சொல்லாதே என்று பல இடங்களில் மேனேஜர்களுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள், அதனால் படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் அதிகம். சிலர் அடுத்த சுற்றில் "நீங்கள் கேட்டிருந்தீர்களே" என்று அவர்களாகவே ஆரம்பிப்பார்கள்.

அதே கேள்வியை நினைவூட்டி இன்னொரு மெயில் போட வேண்டாம். முடிவு சொல்கிறேன் என்று சொன்ன தேதி தாண்டிய பிறகு எச்.ஆரிடம் நிலவரம் கேளுங்கள், அதிலும் இந்தக் கேள்வியை இழுக்காதீர்கள். ஆஃபர் வந்தால் கையெழுத்துக்கு முன் மேனேஜரோடு பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள், அங்கே பதில் கிடைத்துவிடும்.

பதில் வந்துச்சு, ஆனா எனக்கு அது பிடிக்கலை. என்ன எழுதறது?

"விளக்கியதற்கு நன்றி, தெளிவாகப் புரிந்தது" என்று ஒரு வரி. மெயிலிலேயே வாதாட வேண்டாம், "அப்படியென்றால் கூடுதல் ஆள் எடுப்பீர்களா?" என்று அடுத்த கேள்விக்கும் தாவ வேண்டாம். சரிபார்ப்பு முழுக்க டீமிடம்தான், ஐந்து நாளில் முடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குப் பதில் வந்தால், மாதத்தின் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று அவருக்கு இப்போது தெரியும். அதை வைத்து ஆஃபர் பேச்சில் சம்பளத்தையோ கூடுதல் நேர வேலைக்கு ஈடான விடுப்பையோ பேசலாம், வேண்டாமென்றும் விடலாம். ஆஃபர் வராத வேலையை இப்போதே நிராகரித்து எழுத அவசியமில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம நான் அந்த வேலையை ஏத்துக்கவே முடியாது. அப்பவும் இவ்வளவு நாசூக்கா சுத்தி வளைக்கணுமா?

இல்லை. இரவு ஷிப்ட் உண்டா, வேறு ஊருக்கு மாற்றுவார்களா, உடல்நிலை காரணமாக எனக்கு இன்ன வசதி வேண்டும் என்பது போன்றவற்றில் ஒரே பதிலில் வேலை உண்டு, இல்லை என்று ஆகிவிடும். இங்கே முந்தின நாள் சோதனையையெல்லாம் ஓரம் வையுங்கள். முன்பே கேட்டிருக்கலாம்தான், கேட்கவில்லை, சரி. தயாராகாதவர் என்று தோன்றுமோ என்ற பயத்தில் இதைத் தள்ளிப்போட்டு, சேர்ந்த பத்தாவது நாள் விலகுவதை விட இன்று ஒரு நேரடி மெயில் எல்லோருக்கும் நல்லது.

எச்.ஆருக்கு எழுதுங்கள், சுருக்கமாக, காரணத்தை விவரிக்காமல்: "அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன். இந்தப் பொறுப்பில் இரவு ஷிப்ட் உண்டா? என்னால் இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்ய இயலாது என்பதால் கேட்கிறேன்." உண்டு என்று பதில் வந்தால் நன்றி சொல்லி விலகிக்கொள்ளலாம். "பொதுவாக இல்லை" என்று வந்தால் "பொதுவாக" என்றால் மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.